மங்கல் படத்தில் படகின் இலக்கம்: 3ஆ, 8ஆ?

கேள்வி: "எங்கட மாமாவின்ர வள்ளத்தில இருந்த என்ஜின் போன மாதம் களவு போயிட்டுது. விடிஞ்ச கையோட டச்பே கரையில நிண்ட பொடியன் ஒருவன், அவசரமா வெளிக்கிட்ட படகொண்டைப் போனால எடுத்து வாட்ஸ்அப்பில அனுப்பினவன். இலக்கம் மங்கல். படத்தைப் பெரிசாக்கிற அப் ஒண்டில போட்டால் கடைசி இலக்கம் 8 எண்டு பளிச்செண்டு தெரியுது. அந்த இலக்கத்தில படகு வச்சிருக்கிற ஆளை எங்களுக்குத் தெரியும். ஆனா தம்பி வேற அப்பில போட்டால் 3 எண்டு வருது. எது சரி? இன்னும் நல்ல அப் எதிலயும் போட்டால் உண்மையான இலக்கம் வருமா?"

பதில்:

வராது. காசு கொடுத்து வாங்கும் அப்பில் போட்டாலும் வராது. 8 என்று காட்டியதும் 3 என்று காட்டியதும் ஒரே மாதிரியான ஊகங்கள்தான். ஒன்று சரியாக இருக்கக்கூடும். ஆனால் எது சரி என்பதற்கு அந்த இரண்டு படங்களிலும் சாட்சி இல்லை. ஏன் இப்படி என்பது விளங்கினால், உங்களிடம் உள்ள படத்தை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரு வேலையும் தெரியவரும். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டியிருக்கிறது. நான் படித்தது இலத்திரனியல். திருகோணமலையில் கடைகளுக்கும் வாடிகளுக்கும் கமரா பூட்டிக் கொடுப்பது தொழில். களவு போனபிறகு பதிவை எடுத்துத் தரச்சொல்லி வருகிறவர்கள், எடுத்துக் கொடுத்த கையோடு கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணை, இதைக் கொஞ்சம் பெரிசாக்கித் தெளிவாக்கித் தாங்கோ."

முதலில் அளவைப் பார்ப்போம், மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பொடியனுக்கும் படகுக்கும் இடையே நூறு மீற்றர் என்று வையுங்கள். சாதாரண போனின் பிரதான கமரா அவ்வளவு தூரத்தில் ஏறக்குறைய 140 மீற்றர் அகலமான காட்சியைப் பிடிக்கும். படத்தின் அகலம் 4000 பிக்சல் என்றால், ஒரு பிக்சலுக்குள் அடங்குவது மூன்றரை சென்ரிமீற்றர். படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கம் இருபது சென்ரிமீற்றர் உயரம் இருந்தால், போனில் அது ஆறு பிக்சல் உயரமும் மூன்று பிக்சல் அகலமுமாகத்தான் விழுந்திருக்கும். இது பொடியனின் போனில் உள்ள படத்தின் கதை. உங்கள் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்தது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தின் நீளப்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அப்போது ஒரு பிக்சலுக்குள் அடங்குவது ஒன்பது சென்ரிமீற்றருக்குக் கிட்ட. அந்த இலக்கம் இப்போது உயரத்தில் இரண்டு பிக்சலை விடச் சற்றுக் கூட, அகலத்தில் ஒன்றை விடச் சற்றுக் கூட. 3ஆ 8ஆ என்று நீங்கள் தேடுவது இந்த மூன்று நான்கு சதுரங்களுக்குள்தான்.

இனி ஒரு சதுரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிக்சல் என்பது ஒரேயொரு நிறம், அதாவது சில எண்கள். அந்தச் சதுரத்துக்குள் விழுந்த வெள்ளைப் பெயின்ற், நீலப் பலகை, தண்ணீர்த் துளி, நிழல் எல்லாவற்றினதும் சராசரி அது. படம் சுருங்கும்போதும் நடப்பது அதேதான். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் கலந்து ஒன்றாகின்றன. கறுப்பு வெள்ளைப் படமென்றே வைப்போம், ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரையான ஓர் எண். நான்கு பிக்சல்களை ஒன்றாக்கியதில் 128 என்று வந்திருக்கிறது. அந்த நான்கும் முதலில் என்னவாக இருந்தன? நான்கும் 128 ஆக இருந்திருக்கலாம். இரண்டு முழு வெள்ளையும் இரண்டு முழுக் கறுப்பும் ஏறத்தாழ இதே எண்ணைத் தரும், அந்த வெள்ளை மேலேயா கீழேயா, இடமா வலமா என்பதற்கும் பல வழி உண்டு. கணக்குப் போட்டால், சராசரி 128 வருகிற மாதிரி நான்கு எண்களை எடுப்பதற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. நான்கு பிக்சலுக்கே இவ்வளவு. சந்தையில் நான்கு சாமான் வாங்கி மொத்தம் ஆயிரம் ரூபாய் என்று மட்டும் சொன்னால், ஒவ்வொன்றின் விலையையும் திருப்பி எடுக்க முடியாது. கூட்டியவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் முடியாது. அப் எவ்வளவு நல்லது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை.

"அப்படியென்றால் படத்தில் ஒன்றுமே இல்லையா" என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது, அது எவ்வளவு என்பதையும் அளந்து பார்க்கலாம். 3க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் இடது பக்கத்தில் மட்டும். 8இல் மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் மூடுகிற இரண்டு கோடுகள் உண்டு, 3இல் இல்லை. தூரிகையால் எழுதிய கோடு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பு, ஒவ்வொரு துண்டும் ஆறு சென்ரிமீற்றர் உயரம் என்றால், ஒரு துண்டின் பரப்பு பதினெட்டுச் சதுர சென்ரிமீற்றர். வாட்ஸ்அப் படத்தில் ஒரு பிக்சல் பிடிக்கும் பரப்பு எழுபத்தைந்துக்கு மேல். ஆகவே அந்தக் கோடு அங்கே இருந்தால், அந்தப் பிக்சலில் ஏறக்குறைய கால் பங்கு நீலம் போய் வெள்ளை வந்திருக்கும். பலகை 90, வெள்ளைப் பெயின்ற் 200 என்று எடுத்தால், அந்தப் பிக்சல் 90இல் இருந்து 115க்குக் கிட்ட ஏறும். கோடு முழுக்க ஒரே பிக்சலுக்குள் விழுந்தால்தான் இந்தக் கணக்கு. இரண்டு பிக்சலுக்கு நடுவே விழுந்தால் ஒவ்வொன்றும் பன்னிரண்டு பதின்மூன்றுதான் ஏறும்.

பிரச்சினை என்னவென்றால், அதே பன்னிரண்டும் இருபத்தைந்தும் வேறு காரணங்களாலும் ஏறும். 3ஐ இரண்டு சென்ரிமீற்றர் இடது பக்கம் தள்ளி எழுதியிருந்தால் ஏறும், கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக இழுத்திருந்தால் ஏறும், பெயின்ற் வழிந்திருந்தாலும் ஏறும். படகு ஓடும்போது பக்கத்தில் அடிக்கும் தண்ணீர் காலை வெயிலில் வெள்ளையாக மின்னும், அதனாலும் ஏறும். இதற்கு மேல், வாட்ஸ்அப் படத்தை JPEG ஆக மாற்றும்போது எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களைத்தான் முதலில் வெட்டி எறிகிறது. நீங்கள் தேடுகிற அந்தப் பன்னிரண்டும் அப்படிப்பட்ட ஏற்ற இறக்கம்தான்.

அப்படியிருக்க அப்புக்கு 8 எங்கிருந்து வந்தது? பெரிதாக்கும் முறைகளில் பழையவை இப்படிச் செய்வதில்லை. பைக்கியூபிக் என்கிற பழைய முறை, பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவே வழுவழுப்பான சரிவு ஒன்றைப் போட்டு இடைவெளியை நிரப்பும். அதில் பெரிதாக்கினால் மங்கல் படம் பெரிய மங்கல் படமாகத்தான் வரும். சனத்துக்கு அது பிடிக்காது, ஆனால் அது பொய் சொல்வதில்லை. இப்போதைய அப்கள் வேறு வழியில் பழகியவை. தெளிவான இலட்சக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே சுருக்கி மங்கலாக்கி, "இந்த மங்கலுக்கு இந்தத் தெளிவு" என்று சோடி சோடியாகக் காட்டிப் பழக்கியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இருந்து, புது மங்கல் ஒன்றைக் கண்டால் இப்படிப்பட்டதற்கு வழக்கமாக எப்படிப்பட்ட தெளிவு இருந்தது என்று நிரப்பிக் கொடுக்கும்.

இதில் ஓர் இடத்தைக் கவனிக்கவேண்டும், எனக்கு இந்த விஷயம் முழுக்கவே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று படும். முதலில் இவற்றைப் பழக்கும்போது, உண்மைப் படத்தில் இருந்து ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு விலகியது என்று பார்த்து அதைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரே மங்கலுக்குப் பின்னால் பாதித் தடவை 3உம் பாதித் தடவை 8உம் இருந்தால், அப்படிப் பழகியதற்கு ஆகக் குறைந்த பிழை எப்போது வரும்? இரண்டுக்கும் நடுவே ஒன்றைக் கொடுத்தால். அதாவது இடது பக்கம் அரைகுறையாக மூடிய, மங்கலான ஓர் உருவம். பார்க்க வடிவில்லை, ஆனால் நேர்மையான பதில் அது. "எனக்கு இரண்டுக்கும் இடையில் தெரியவில்லை" என்பதைப் படத்தில் எழுதினால் அப்படித்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு மங்கல் பிடிக்காததால், 2017இல் வெளிவந்த SRGAN என்கிற முறையும் அதன் வழிவந்தவையும் இன்னொரு நடுவரைச் சேர்த்துக்கொண்டன. அந்த நடுவரின் வேலை, வருகிற படம் உண்மையான புகைப்படம் மாதிரித் தெரிகிறதா என்று பார்ப்பது. அரைகுறையாக மூடிய இலக்கத்தைக் கண்டால் நடுவர் தள்ளிவிடுவார், உலகத்தில் அப்படி இலக்கம் எழுதுவார் இல்லை. ஆகவே அப் ஏதாவது ஒரு பக்கம் சாயவேண்டும். 3 என்று முழுதாக எழுதவேண்டும், அல்லது 8 என்று முழுதாக எழுதவேண்டும். உங்கள் கையில் இருக்கிற பளிச் என்ற 8 அப்படி வந்தது. சந்தேகம் எங்கும் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் துடைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதை ஆகத் தெளிவாகக் காட்டிய சம்பவம் 2020இல் நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் PULSE என்று ஒன்றை வெளியிட்டார்கள். பதினாறுக்குப் பதினாறு பிக்சல் முகத்தைக் கொடுத்தால் 1024க்கு 1024 பிக்சல் முகமாக்கித் தரும். கொடுத்த ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிலாக 4096 பிக்சல் வருகிறது என்று அர்த்தம். அது வேலை செய்த விதம் கவனிக்கவேண்டியது. முகங்களை உருவாக்கத் தெரிந்த ஒரு மென்பொருளுக்குள் தேடிப்போய், "சுருக்கினால் இந்தச் சின்னப் படம் வரவேண்டும்" என்ற நிபந்தனைக்குப் பொருந்துகிற முகத்தை எடுத்துத் தரும். அந்த ஆண்டு யூன் மாதத்தில் ஒருவர் பராக் ஒபாமாவின் முகத்தைச் சதுரம் சதுரமாகத் தெரிகிற அளவுக்குச் சுருக்கி அதற்குள் போட்டார். வெளியே வந்தது முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர். சின்னப் படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அது ஒபாமா என்று தெரிந்தது, ஏனென்றால் ஒபாமாவை எங்களுக்கு முன்னமே தெரியும். மென்பொருளுக்கு அவரைத் தெரியாது, அதற்குத் தெரிந்தது பழக்கிய முகங்கள்தான். அந்தத் தொகுப்பில் எந்த நிறத்தவர் கூடுதலாக இருந்தார்கள் என்பது பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது, அது நியாயமான வாக்குவாதமும்கூட. ஆனால் உங்களுக்கு வேண்டியது வேறு. வந்த வெள்ளைக்கார முகம் நிபந்தனையை மீறவில்லை. அதைச் சுருக்கினால் கொடுத்த சின்னப் படத்துக்குக் கிட்டத்தான் வரும். கொடுத்த சாட்சிக்குப் பொருந்துகிற, ஆனால் வேறொரு மனிதனின் முகம் அது.

உங்கள் 8உம் அப்படித்தான். அதைச் சுருக்கினால் வாட்ஸ்அப் படம் வரும். தம்பியின் 3ஐச் சுருக்கினாலும் அதே படம் வரும். இரண்டு அப்கள் இரண்டு பதில் தந்ததற்குக் காரணம் ஒன்று கெட்டது மற்றது நல்லது என்பதில்லை, இரண்டும் வேறு வேறு படங்களில் பழகியவை. உண்மையில் தம்பி வேறு அப்பில் போட்டுப் பார்த்தது பெரிய உதவி. அவர் போடாமல் இருந்திருந்தால் இந்நேரம் அந்த 8க்காரரின் வீட்டு வாசலில் நின்றிருப்பீர்கள்.

இதே சோதனையை ஒரே அப்பை வைத்தும் செய்யலாம். மங்கல் படத்தில் இருந்து இலக்கம் உள்ள பகுதியை வெட்டும்போது ஒருமுறை ஒரு பிக்சல் இடப்பக்கம் தள்ளி வெட்டுங்கள், ஒருமுறை கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள், ஒருமுறை வெளிச்சத்தை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெரிதாக்குங்கள். படத்தில் உண்மையாக இருக்கிற விஷயம், உதாரணமாக படகின் மேல்விளிம்பு எங்கே முடிகிறது என்பது, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வரும். இட்டுக்கட்டியவை ஒவ்வொரு முறையும் உருமாறும். பலகையின் வெடிப்பு ஒருமுறை இருக்கும், மறுமுறை இராது. இலக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகளையும் பாருங்கள். தமிழில் படகின் பெயர் எழுதியிருந்தால் அப் அதை என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். தூரத்தில் பார்க்கத் தமிழ் மாதிரி இருக்கும், கிட்டப் பார்த்தால் எந்த எழுத்தும் இராது, சுழியும் கொக்கியும்தான். தெரிந்த பெயரிலேயே இப்படி விளையாடுகிற அப், தெரியாத இலக்கத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப இடமில்லை. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். இந்தச் சோதனையில் மாறியது பொய் என்று சொல்லலாம். மாறாமல் நின்றது உண்மை என்று சொல்ல முடியாது. ஒரே பழக்கம் ஒரே தவறைப் பத்துத் தடவையும் செய்யும்.

கற்பனை எதுவும் சேராமல், உள்ளதை உள்ளபடி பெரிதாகப் பார்க்கவேண்டுமென்றால் ஒவ்வொரு பிக்சலையும் பெரிய சதுரமாக்கிப் பாருங்கள். கணினியில் ImageMagick என்கிற படம் திருத்தும் மென்பொருள் இருந்தால் ஒரு வரி போதும் (40x24 என்பது வெட்டும் அளவு, மற்றது இடம், உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்றவேண்டும்):

```
magick padam.jpg -crop 40x24+812+640 +repage -scale 1600% perithu.png
```

வருகிற படம் அசிங்கமாக இருக்கும். ஆனால் உங்களிடம் உள்ள சாட்சி முழுவதும் அவ்வளவுதான், அதற்கு மேல் எதை யார் காட்டினாலும் அது வெளியே இருந்து வந்தது.

சரி, உண்மையான விபரம் கூடுதலாகக் கிடைக்க வழியே இல்லையா என்றால், இரண்டு வழி உண்டு. இரண்டிலும் புதிதாக அளந்த தரவு உள்ளே வருகிறது. முதலாவது, பொடியனின் போனில் உள்ள மூலப்படம். நான் மேலே போட்ட கணக்கின்படி அதில் இலக்கம் ஆறு பிக்சல் உயரம். ஆறுக்கு மூன்று என்பது தாராளமில்லை, ஆனால் 3இன் திறந்த பக்கம் அங்கே ஒரு முழுப் பிக்சலுக்குக் கிட்ட வருகிறது. மறைந்தே போவதற்கும் சந்தேகத்தோடு தெரிவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் அது. அவர் விரலால் சூம் பண்ணி எடுத்திருந்தால் மட்டும் கவனம். இப்போதைய போன்கள் சில, சூம் பண்ணும்போதே இந்த நிரப்பும் வேலையைச் செய்துவிட்டுத்தான் படத்தைச் சேமிக்கின்றன. 2023 மார்ச்சில் ஒருவர் சந்திரனின் படத்தை 170க்கு 170 பிக்சலுக்குச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, இருட்டறையில் தூர நின்று சாம்சங் போனால் சூம் பண்ணி எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத குழிகளும் மேடுகளும் போன் எடுத்த படத்தில் இருந்தன. சந்திரன் எப்படி இருக்கும் என்று போனுக்கு முன்னமே தெரியும். டச்பேயில் போகிற படகின் இலக்கம் அதற்குத் தெரியாது, இருந்தாலும் ஏதாவது செய்துவைக்கும்.

இரண்டாவது, வீடியோ. பக்கத்தில் எங்காவது கமரா பூட்டியிருந்து அதில் அந்தப் படகு பட்டிருந்தால், ஒரே படகு பல பிரேம்களில் வந்திருக்கும். படகு அசைவதால் ஒவ்வொரு பிரேமிலும் இலக்கம் பிக்சல் கட்டத்தின்மேல் சற்று வேறு இடத்தில் விழும். ஒரு பிரேமில் அந்த இடதுகோடு ஒரு பிக்சலுக்குள் முழுதாக விழும், அடுத்ததில் இரண்டுக்கு நடுவே விழும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தி எடுத்தால், தனி ஒரு பிரேமில் இல்லாத விபரம் உண்மையாகவே கிடைக்கும். பதினாறு பிரேம்களைச் சேர்த்தால், இரைச்சல் என்று சொல்கிற, பிக்சல் எண்களில் தாறுமாறாக வரும் ஏற்ற இறக்கமும் காற்பங்காகக் குறையும். ஆனால் இது பதினாறும் தனித்தனியாக அளந்தவையாக இருந்தால்தான். கடைகளில் உள்ள DVR பெட்டிகள் இடம் மிச்சம் பிடிப்பதற்காக, மாறாத பகுதியை முந்திய பிரேமில் இருந்தே திருப்பிப் போடும். அப்போது பதினாறு பிரேம் என்று நினைப்பது ஒரே பிரேமின் பதினாறு பிரதி. லென்ஸ் மங்கலாக்கியதையும் எத்தனை பிரேம் சேர்த்தும் மீட்க முடியாது. இவ்வளவு சொன்னபிறகும், எனக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் பெரிதாக்கும் அப்பை விட்டு வீடியோவைத்தான் தேடிப் போவேன். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறி அழித்துக்கொண்டே போகும் என்பதால், போன மாதத்துப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்கவேண்டும்.

இனி, உங்களிடம் இருக்கும் மங்கல் படத்தை வைத்தே செய்யக்கூடிய வேலை. தெளிவில் இருந்து மங்கலுக்குப் போகும் பாதை ஒன்றுதான், அதில் ஊகம் இல்லை. மங்கலில் இருந்து தெளிவுக்குத் திரும்பும் பாதைதான் கோடிக்கணக்கில் பிரிகிறது. ஆகவே பிரிகிற பாதையில் போகாமல், ஒன்றாக உள்ள பாதையில் போங்கள். சந்தேகப்படுகிற படகுகள் இரண்டோ மூன்றோதானே? 3இல் முடிகிற ஒன்று, 8இல் முடிகிற ஒன்று. அதே பொடியனை, அதே போனோடு, அதே இடத்தில், அதே காலை நேரத்தில் நிற்கச் சொல்லுங்கள். அந்தப் படகுகள் வழக்கம்போல் தொழிலுக்கு வெளிக்கிடும்போது, ஏறக்குறைய அதே தூரத்தில் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து தடவை எடுக்கட்டும். முதல் படம் சூம் பண்ணாமல் எடுத்ததென்றால் இவையும் அப்படியே. எல்லாவற்றையும் அதே மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, மேலே கொடுத்த வரியால் வெட்டிச் சதுரமாக்கி, ஒரு பக்கம் 3 படகின் படங்கள், மறுபக்கம் 8 படகின் படங்கள் என்று அடுக்கி, நடுவில் உங்கள் படத்தை வையுங்கள்.

பத்துத் தடவை ஏன் என்றால், படகு ஒவ்வொரு தடவையும் பிக்சல் கட்டத்தில் வேறு இடத்தில் விழும், ஒரே 8 படகு பத்து வகையாகத் தெரியும் என்பது அடுக்கிப் பார்த்தால்தான் விளங்கும். மூன்றில் ஒன்று நடக்கும். 3 படங்களும் 8 படங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எது எது என்று உங்களுக்கே பிரிக்கமுடியாமல் இருக்கலாம். நூறு மீற்றரில் இதற்குத்தான் வாய்ப்புக் கூட. அப்படியென்றால் அந்தப் படம் இந்தக் கேள்வியைத் தீர்க்காது, அது உறுதி. இரண்டு கூட்டமும் தெளிவாகப் பிரிந்து, உங்கள் படம் ஒரு பக்கம் சேர்ந்து நிற்கலாம். அப்போதும் அது மற்றப் படகு இல்லை என்று ஓரளவு சொல்லலாமே தவிர, இந்தப் படகுதான் என்று சொல்ல முடியாது. 0, 6, 9 என்று முடிகிற படகுகளும் துறையில் நிற்கின்றன. மூன்றாவது, உங்கள் படம் இரண்டு பக்கமும் சேராமல் தனியே நிற்கலாம், அப்படி வந்தால் நீங்கள் தேடவேண்டியது வேறு படகு.

இந்த வேலையைச் செய்யும்போது இலக்கத்தை விட்டு மற்றதையும் பாருங்கள். இலக்கத்தின் கோடு மூன்று சென்ரிமீற்றர், ஆனால் படகின் பக்கத்தில் ஓடும் நிறப்பட்டி பதினைந்து இருபது சென்ரிமீற்றர் அகலம், பல மீற்றர் நீளம். என்ஜின் மூடியும் அரை மீற்றருக்குக் கிட்ட வரும். முன்பக்கம் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது, பட்டி எந்த இடத்தில் முடிகிறது, மூடி கறுப்பா வெள்ளையா என்பவை வாட்ஸ்அப் படத்திலும் பல பிக்சல்களுக்குப் பரந்து கிடக்கும். JPEG நிறத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கும் என்பதால் பச்சையா நீலமா என்று அடித்துச் சொல்லத் தயங்குவேன். வெளிறிய நிறமா கடும் நிறமா என்பது தாங்கும். 8க்காரரின் படகில் வெளிறிய பட்டி ஓடுகிறது, படத்தில் உள்ளதில் இல்லை என்றால், இலக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அவரை விட்டுவிடலாம். இந்த மாதிரி வேலைகளில் ஆளைப் பிடிக்கிறதை விட ஆளை விலக்குகிறதுதான் படத்தால் நன்றாக முடியும்.

பொலிஸுக்குப் போகும்போது அப் செய்த 8ஐக் கொண்டுபோக வேண்டாம். ஒருமுறை பளிச் என்று பார்த்தவர் பிறகு மங்கலைப் பார்த்தாலும் 8ஆகத்தான் பார்ப்பார், நீங்களும் இப்போது அப்படித்தான் பார்க்கிறீர்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், போனில் எடுத்த வீடியோவை இப்படி மென்பொருளால் மெருகேற்றி எதிரித் தரப்பு கொண்டுவந்தபோது, கிங் கவுண்டி நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. மெருகேற்றாத மூல வீடியோ அங்கே இருக்கத்தான் செய்தது, அதைப் பார்க்க யாருக்கும் தடை இல்லை. நீங்கள் கொடுக்கவேண்டியதும் அப்படி மூலப்படம்தான். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ற் என்று தெரிவு செய்து அனுப்பினால் சுருங்காமல் வரும், எடுத்த நேரமும் பைலுக்குள் இருக்கும். பொடியன் போனைத் துப்புரவாக்குகிறேன் என்று கலரியை அழிப்பதற்கு முன் கேட்டு எடுத்துவிடுங்கள். எடுத்ததும் இலக்கம் எத்தனை பிக்சல் உயரம் என்று எண்ணிப் பார்த்து இங்கே எழுதுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் பார்க்க ஏதோ இருக்கிறது.